குற்றம் எப்போது பிறந்தது?

(தாமல் கிராமத்தில் நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



போலீஸ் வைக்கும் பொறியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பிகளில் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார். "ஐயா, லஞ்சம் வாங்குறவனப் பொறி வெச்சுப் புடிக்கிறதுல நியாயம் அநியாயம்னு பேச என்னய்யா இருக்கு? மாட்டினா மாட்டினதுதானே?" என்றார். நல்ல கேள்வி. நம்மில் பாதிப் பேர் மனசில் இருப்பதும் அதுதான். ஆகவே நான் எழுதி வந்ததை மடித்து வைத்துவிட்டு, அந்தத் தம்பிக்கே பதில் சொல்வதாக வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் பொறி எப்படி வைக்கப்படுகிறது என்று பார்ப்போம். பேப்பரில் நான்கு வரியில் படிக்கிறோம்: "ரசாயனம் தடவிய நோட்டுகளை வாங்கியபோது கையும் களவுமாகப் பிடிபட்டார்." அந்த நான்கு வரிக்குள் ஒரு முழு நாள் வேலை அடங்கியிருக்கிறது.

நம் பக்கத்து விவசாயி ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேர் வேண்டாம், கற்பனைதான். அப்பா இறந்த பிறகு பட்டா மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் அலைந்தார். கடைசியில் கிராம நிர்வாக அலுவலர், "ஐயாயிரம் ஆகும், பார்த்துக்கோ" என்றார். இவர், "நாளைக்குக் கொண்டாறேன் சார்" என்று சொல்லிவிட்டு, நேராகக் காஞ்சிபுரம் போய் லஞ்ச ஒழிப்புத் துறையில் எழுதிக் கொடுத்தார். தமிழ்நாட்டில் இந்தத் துறை 1964 முதல் இருக்கிறது.

அங்கே புகாரைப் படித்துப் பார்த்து, முகாந்திரம் இருக்கிறது என்று தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வார்கள். பிறகு வேறு துறைகளில் வேலை செய்யும் இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சிகளாக வரவழைப்பார்கள். விவசாயி கொண்டுவந்த நோட்டுகளின் எண்களை ஒவ்வொன்றாகக் குறிப்பார்கள். நோட்டின் மேல் பினாப்தலின் என்ற வெள்ளைப் பொடியைத் தடவுவார்கள். தடவியது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த நோட்டைத் தொட்ட விரலைச் சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் முக்கினால் தண்ணீர் ரோஸ் நிறமாக மாறும். காரம் பட்டால் நிறம் மாறுவது அந்தப் பொடியின் குணம். சாட்சிகளின் கண் முன்னால் ஒருமுறை இதைச் செய்து காட்டி, நடந்ததையெல்லாம் மகஜராக எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள்.

மறுநாள் சாட்சிகளில் ஒருவர் விவசாயியோடு கூடவே போவார். பேச்சைக் கேட்பதும் கொடுக்கல் வாங்கலைப் பார்ப்பதும் அவர் வேலை. பணம் கை மாறியதும் விவசாயி வெளியே வந்து, துண்டால் முகம் துடைப்பது மாதிரி, முன்பே பேசிவைத்த ஒரு சைகை காட்டுவார். மறைந்திருக்கும் போலீஸார் உள்ளே போவார்கள். கையைக் கழுவச் சொல்வார்கள், தண்ணீர் நிறம் மாறும், அதைப் பாட்டிலில் ஊற்றி முத்திரை வைப்பார்கள். பணத்தைக் கைப்பற்றி எண்களை ஒப்பிடுவார்கள். பாட்டில் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும்.

இவ்வளவிலும் ஒரு சின்ன வாக்கியத்தை நான் சொல்லாமல் விட்டேன். விவசாயியின் சட்டைப் பையில் அந்த நோட்டுகளை வைக்கும்போது அதிகாரி அவரிடம் ஒன்று சொல்வார், அதை மகஜரிலும் எழுதுவார்: "அவர் கேட்டால் மட்டும் கொடு. கேட்காமல் நீட்டாதே."

இன்று நான் பேசப்போகும் சட்டம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

ஏன் அப்படிச் சொல்கிறார்கள்? இதே கதையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். அதே விவசாயி, அதே அலுவலர். ஆனால் அலுவலர் பணம் எதுவும் கேட்கவில்லை. இவர் ஏரிப் புறம்போக்கில் நான்கு சென்ட் வளைத்துப் போட்டிருக்கிறார் என்று மேலே எழுதி அனுப்பிவிட்டார். அந்தக் கோபம் இவருக்கு. லஞ்சம் கேட்டார் என்று ஒரு பொய்ப் புகார். பொடி தடவிய நோட்டோடு போகிறார். "வெச்சுக்குங்க சார்" என்கிறார். அலுவலர் வேண்டாம் என்கிறார். "உங்க பொண்ணு காலேஜ் ஃபீஸுக்குத் தடுமாறுறீங்கன்னு கேள்விப்பட்டேன், கடனா நெனச்சுக்குங்க" என்கிறார். மறுபடியும் வேண்டாம் என்கிறார். நாலாவது தடவை மேஜையில் வைத்துவிட்டு நகர்கிறார். அலுவலர் ஒரு நிமிடம் பார்க்கிறார். மகள் முகம் நினைவுக்கு வருகிறது. எடுத்து இழுப்பறையில் போடுகிறார்.

தண்ணீர் அதே ரோஸ் நிறம்தான் ஆகும். நோட்டு எண்ணும் சரியாகத்தான் இருக்கும். ஆய்வக அறிக்கையும் ஒன்றுதான். முதல் கதைக்கும் இரண்டாவது கதைக்கும் உள்ள வித்தியாசம் பொடிக்குத் தெரியாது. விரல் நோட்டைத் தொட்டது என்பதற்கு மேல் பொடியால் ஒரு வார்த்தை பேச முடியாது. யார் முதலில் வாயைத் திறந்தார் என்பதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்த வித்தியாசத்தை மிகத் தெளிவாகச் சொன்னது வெளிநாட்டு நீதிமன்றம் அல்ல, நம் சென்னை உயர் நீதிமன்றம். மொகைதீன் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் பேர். 1952 தொகுதியில் அச்சாகியிருக்கிறது. பொறிகள் இரண்டு வகை என்றது அந்தத் தீர்ப்பு. ஒன்று, குற்றம் ஏற்கனவே பிறந்து நடந்துகொண்டிருக்கும்போது வைக்கிற பொறி. லஞ்சம் கேட்டாயிற்று, கேட்கப்பட்டவன் பணம் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போலீஸிடம் போகிறான். இது முறையான பொறி. நேர்மையான எவனும் இதைக் குறை சொல்ல மாட்டான். இன்னொன்று, குற்றம் பிறக்கவே இல்லை. இவன் வாங்குகிற ஆள் என்று ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. வாங்குகிறானா பார்க்கலாம் என்று ஆசை காட்டுவது. இது முறையற்ற பொறி. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ அனுமதி தந்தால் ஒழிய, இதை வைத்தவர்களே அந்தக் குற்றத்துக்குக் கூட்டாளிகள் ஆகிவிடுகிறார்கள். ஆகவே அவர்கள் சாட்சியத்தைத் தனியாக நம்ப முடியாது, களங்கமில்லாத வேறு ஆதாரம் வேண்டும் என்றது நீதிமன்றம்.

பாருங்கள், எவ்வளவு எளிய சோதனை! ஆள் நல்லவனா கெட்டவனா என்று கேட்கவில்லை. குற்றம் எப்போது பிறந்தது என்று கேட்கிறது. பொறிக்கு முன்பா, பொறியாலா?

இந்த யோசனை நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தின் முதல் குறளைப் பலரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஒருவனை வேலைக்கு எடுக்கும் முன் நான்கு வழிகளில் சோதித்துத் தேற வேண்டும் என்பது அதன் பொருள். அதற்கு உரை எழுதிய பரிமேலழகர், நம் காஞ்சிபுரத்துக்காரர் என்று மரபு சொல்லும் அந்தப் பெரியவர், சோதனை எப்படி நடக்கும் என்று விரிவாகவே எழுதுகிறார். அரசனே ஏற்பாடு செய்த ஆட்கள் அமைச்சனிடம் போய், இந்த அரசனை இறக்கிவிட்டு வேறொருவனை ஏற்றுவோம், எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்பார்கள். ஒரு மூதாட்டி போய், அந்தப்புரத்துப் பெண் ஒருத்தி உன் மேல் ஆசை வைத்திருக்கிறாள் என்பாள். இன்றைய மொழியில் சொன்னால் ஸ்டிங் ஆபரேஷன். கேமரா மட்டும்தான் இல்லை.

இந்த முறை வடமொழி அர்த்தசாஸ்திரத்திலிருந்து வந்தது. ஆனால் அதில் அந்த அத்தியாயத்தைக் கடைசிவரை படிக்காதவர்கள் ஒன்றைத் தவற விடுகிறார்கள். இவ்வளவு தந்திரமும் சொல்லிக்கொடுத்த கௌடில்யரே இறுதியில் தயங்குகிறார். தண்ணீரில் நஞ்சைக் கலப்பதுபோல, கெடாதவனைக் கெடுத்துவிடாதே. கெட்டுப்போனவனுக்குப் பிறகு மருந்து கிடைக்காமலும் போகலாம் என்று எச்சரிக்கிறார். ஏரித் தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க ஒருவன் தாமல் ஏரியிலேயே விஷத்தைக் கலந்து, 'பார்த்தீர்களா, தண்ணீர் விஷம்' என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

இன்னொன்றும் கவனியுங்கள். பழைய அரசன் செய்த சோதனை வேலைக்கு எடுப்பதற்காக. தேறாதவனை அந்தப் பதவியில் வைக்க மாட்டான். நாம் பேசுவது சிறையைப் பற்றி. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவில் இன்றைக்குக் குறைந்தபட்சத் தண்டனை 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. வேலை போகும், பென்ஷன் போகும். நம்பத் தகுந்தவனா என்று பார்க்கச் செய்யும் சோதனை வேறு, ஒருவனை உள்ளே தள்ளச் செய்யும் சோதனை வேறு.

சரி, கதையை விட்டுவிட்டு ஒரு நிஜ வழக்குக்கு வருகிறேன். சுதந்திரம் வந்த புதிது. இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ஒரு பகுதி அப்போது விந்தியப் பிரதேசம் என்று தனியாக இருந்தது. அதன் தொழில் துறை அமைச்சர் ராவ் சிவ் பகதூர் சிங். பன்னா என்ற ஊரில் வைரச் சுரங்கம். அதை எடுத்து நடத்திய கம்பெனியின் வேலை நிறுத்தப்பட்டிருந்தது. மறுபடி சுரங்கம் தோண்ட உத்தரவு வேண்டுமானால் 25,000 ரூபாய் என்று பேச்சு. 1949-இல் 25,000 என்றால் எவ்வளவு என்று நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும், காணி நிலம் அல்ல, ஒரு ஊரே வாங்கலாம்.

கம்பெனி சார்பில் பேசிய நாகின்தாஸ் மேத்தா டெல்லி போலீஸாரிடம் போனார். ஆனால் அவரிடம் அவ்வளவு பணம் இல்லை. குறைந்த பணத்தைப் போலீஸாரே போட்டு நிரப்பினார்கள். 1949 ஏப்ரல் 11, டெல்லியில் கான்ஸ்டிடியூஷன் ஹவுஸ் என்ற விடுதி. பணம் கை மாறியது. போலீஸார் ஒரு மாஜிஸ்திரேட்டையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1954-இல் முடிந்தது. அமைச்சருக்குக் கொடுத்த தண்டனையை நீதிமன்றம் உறுதி செய்தது. பணம் கேட்டதற்கும் அதற்காக உத்தரவைத் திருத்தியதற்கும் ஆதாரம் இருந்தது. ஆனால் அதே தீர்ப்பில் போலீஸாரையும் நீதிபதிகள் விடவில்லை. ஊழலைக் கண்டுபிடிக்கப் பொறி வைக்க வேண்டிவரலாம். அதற்காக, கொடுப்பவனிடம் பணமும் இல்லை, புரட்டும் சக்தியும் இல்லை என்னும்போது, லஞ்சப் பணத்தைப் போலீஸே கொடுத்து லஞ்சம் நடக்கவைப்பது முறையல்ல. குற்றத்தைத் தடுப்பது போலீஸின் வேலை, குற்றத்துக்குக் கருவி வாங்கிக் கொடுப்பதல்ல என்றார்கள். நாளை இந்த வழக்கை விசாரிக்க வேண்டிய மாஜிஸ்திரேட்டுகளைப் பொறிக்குச் சாட்சியாக இழுத்துக்கொண்டு போவதையும் கண்டித்தார்கள். இன்றைக்குப் பொறிக்குச் சாட்சியாக வேறு துறை ஊழியர்களை அழைப்பதற்குப் பின்னால் இந்தக் கண்டிப்பும் இருக்கிறது.

இரண்டு ஆண்டு கழித்து, 1956-இல், ராம்ஜனம் சிங் என்பவரின் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் இதை இன்னும் மனித மனசோடு எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இது. மிக நல்லவனுக்கும் பலவீனமான ஒரு நேரம் வரும். குற்றம் செய்வதென்று முடிவெடுத்து அதற்கான எல்லாக் காரியமும் பார்த்துக்கொண்டிருப்பவனை வெளிப்படையாக மாட்டவைப்பது ஒன்று. செய்ய மாட்டேன் என்று உறுதியாக முடிவெடுத்துவிட்டவனைத் தூண்டித் தூண்டிச் செய்யவைப்பது முற்றிலும் வேறு. ஒருவனுக்கு எவ்வளவு கெட்ட புத்தி இருந்தாலும், தாங்க முடியாத அளவுக்குத் தன்னை யாரும் வேண்டுமென்றே தூண்டக் கூடாது என்று எதிர்பார்க்க அவனுக்கு உரிமை உண்டு. அதுவும் சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே அதைச் செய்யக் கூடாது.

நம் இரண்டாவது கதையில் மூன்று தடவை வேண்டாம் என்ற அந்த அலுவலரை இப்போது நினைத்துப் பாருங்கள்.

இப்படியெல்லாம் எழுதினார்களே, அதனால் முறையற்ற பொறியில் மாட்டியவன் உடனே விடுதலை ஆவானா என்று கேட்பீர்கள். நம் நாட்டில் அப்படி இல்லை. 'என்னைத் தூண்டிவிட்டார்கள்' என்பது மட்டும் ஒருவனை விடுவிக்கும் என்று நம் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. பொறி வைத்த எல்லோரையும் கூட்டாளிகள் என்று ஒதுக்கிவிட முடியாது, வழக்குக்கு வழக்கு பார்க்க வேண்டும் என்று 1958-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். நம் நாட்டில் தூண்டுதல் வேலை செய்வது சாட்சியத்தின் வழியாக. தூண்டியவன் வார்த்தையை நம்பலாமா, அவனுக்குப் பழைய பகை உண்டா, கேட்டதற்கு வேறு ஆதாரம் இருக்கிறதா என்று நீதிபதி துருவுவார். அந்தத் துருவலில் வழக்கு நிற்கும் அல்லது விழும்.

இங்கிலாந்தில் வேறு வழி. 2001 அக்டோபரில் அவர்களின் பிரபுக்கள் சபை இரண்டு வழக்குகளை ஒன்றாக எடுத்துத் தீர்ப்பளித்தது. இரண்டிலும் மாறுவேடப் போலீஸ், இரண்டிலும் ஹெராயின். முதல் வழக்கில், ஒரு மதுக்கூடத்தில் கிடைத்த போன் நம்பருக்குப் போலீஸ்காரர் கூப்பிட்டுச் சரக்கு இருக்கிறதா என்றார். அவனும் வா என்று விலை பேசிக் கொடுத்தான். யார் கூப்பிட்டிருந்தாலும் கொடுத்திருப்பான். தண்டனை நின்றது. இரண்டாவது வழக்கில் போலீஸார் ஒருவனுக்கு மலிவு விலையில் கடத்தல் சிகரெட் கொடுத்துப் பழகினார்கள். பிறகு ஹெராயின் வாங்கித் தரச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று அவன் சொல்லியும் விடவில்லை. சிகரெட் தயவுக்காக, கடைசியில் எங்கிருந்தோ வாங்கிக் கொடுத்தான். அந்த வழக்கை விசாரிக்கவே மாட்டேன் என்று கீழ்நீதிமன்ற நீதிபதி நிறுத்திவைத்தது சரிதான் என்றது பிரபுக்கள் சபை.

அங்கே கேட்ட கேள்வி இதுதான்: எந்தச் சாதாரண வாடிக்கையாளனும் கேட்பதைப்போல் போலீஸ் ஒரு வாய்ப்பைக் கொடுத்ததா, அல்லது அதற்கு மேலே போய்க் குற்றத்தையே உண்டாக்கியதா? கொடுத்தவன் குற்றவாளி இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அரசே ஒரு குற்றத்தை உருவாக்கிவிட்டு, அதே அரசு தன் நீதிமன்றத்தில் அதற்குத் தண்டனை கேட்டால், அதற்கு நீதிமன்றம் கை கொடுக்கக் கூடாது என்றார்கள். ஐம்பது ஆண்டுக்கு முன் சென்னையில் கேட்ட கேள்விதான். நாம் அதைச் சாட்சியை எடைபோட வைத்துக்கொண்டோம், அவர்கள் வழக்கையே நிறுத்த வைத்துக்கொண்டார்கள். வழக்கு முழுக்க நடந்து, பத்து ஆண்டு கழித்து விடுதலை ஆகிறவனுக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும்.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

2014-இல் உச்ச நீதிமன்றம், நம் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து போன தலைமை நீதிபதி சதாசிவம் இருந்த அமர்வு, ஆந்திராவின் ஒரு வட்டார வருவாய் அதிகாரியை விடுதலை செய்தது. ரேஷன் கடைக்காரரிடம் 250 ரூபாய் லஞ்சம் என்பது வழக்கு. நோட்டு பிடிபட்டது, தண்ணீர் நிறம் மாறியது. ஆனால் கடைக்காரரே கூண்டில் ஏறி, அவர் கேட்கவில்லை என்று பிறழ்ந்துவிட்டார். கேட்டார் என்பதற்கு வேறு ஆதாரமும் இல்லை. பணம் கையில் இருந்தது என்பது மட்டும் குற்றம் ஆகாது, கேட்டது நிரூபணமாக வேண்டும் என்றது நீதிமன்றம்.

பிறகு 2022 டிசம்பர் 15 அன்று, நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து இதை விரிவாகப் பார்த்தார்கள். கேட்டதும் வாங்கியதும் கட்டாயம் நிரூபிக்கப்பட வேண்டும் என்பதை மாற்றவில்லை. புகார் கொடுத்தவர் இறந்தாலும் பிறழ்ந்தாலும், கூட இருந்த சாட்சியாலோ சூழ்நிலையாலோ அதை நிரூபிக்கலாம் என்றார்கள். அது நியாயம்தான், இல்லையென்றால் சாட்சியை மிரட்டிவிட்டு எல்லோரும் தப்பிவிடுவார்கள். ஆனால் இன்னொன்றும் சொன்னார்கள். அலுவலர் கேட்காவிட்டாலும், ஒருவன் தானாக நீட்ட, அவர் வாங்கிக்கொண்டால் அதுவும் 7-ஆவது பிரிவில் வாங்கியதுதான், முன்கூட்டிக் கேட்டிருக்க வேண்டியதில்லை. நீட்டினான் என்பதும் வாங்கினார் என்பதும் நிரூபணமானால் போதும்.

லஞ்சத்தைப் பொறுத்தவரை இது சரி. வேலை முடிய வேண்டும் என்று ஒப்பந்ததாரர் உறையை நீட்டும்போது வாங்கிப் பையில் வைக்கிற அதிகாரி, 'நான் கேட்கவே இல்லையே' என்று தப்பக் கூடாது. ஆனால் நீட்டியவன் ஒப்பந்ததாரர் அல்ல, போலீஸ் அனுப்பிய ஆள் என்றால்? கேட்காமல் நீட்டாதே என்று மகஜரில் எழுதிய அந்த ஒரு வாக்கியம் இப்போது முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. சட்டம் வாசலை அகலமாக்கியிருக்கிறது. அந்த வாசல் வழியாக முறையற்ற பொறி உள்ளே நுழையாமல் காவல் காக்க, மொகைதீன் வழக்கின் கேள்விதான் கையில் இருக்கிறது: நீட்டும் முன்பே குற்றம் பிறந்திருந்ததா?

போலீஸுக்காவது மகஜர் உண்டு, சாட்சி உண்டு, மேலதிகாரி உண்டு. பேனாவில் கேமரா வைத்துக்கொண்டு போகும் தொலைக்காட்சிக்கு அதுவும் இல்லை. 2007 ஆகஸ்ட் 30 அன்று டெல்லியில் ஒரு சேனல், அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் மாணவிகளைத் தவறான வழியில் தள்ளுகிறார் என்று ரகசியக் கேமராக் காட்சி ஒளிபரப்பியது. பள்ளி வாசலில் கூட்டம் கூடியது. அந்த அம்மாவை அடித்து உடையைக் கிழித்தார்கள். விசாரித்துப் பார்த்தால் மொத்தமும் ஜோடிப்பு. மாணவி என்று காட்டிய பெண் மாணவியே அல்ல. டெல்லி உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. செய்யக் கூடாத ஒன்றை ஒருவர் செய்யும்படி ஆசை காட்டி, அதையே படமெடுத்துக் காட்டுவது கண்டிக்கத்தக்கது என்று அந்த டிசம்பரில் சொன்னது.

2014-இல் ரஜத் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வேறு மாதிரிக் கேள்வி வந்தது. மத்திய இணை அமைச்சர் திலீப் சிங் ஜுதேவ் 2003-இல் கேமரா முன் பணம் வாங்கிய காட்சி வெளியானது. பணம் கொடுத்தவர்கள் மேலும் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. 'நாங்கள் செய்தது ஸ்டிங், எங்களை எப்படிக் குற்றவாளியாக்கலாம்' என்றார்கள். ஸ்டிங் என்று பேர் வைத்துவிட்டால் சட்டம் விலகி நிற்காது; எதற்காகச் செய்தீர்கள், பொது நன்மைக்கா, வேறு லாபத்துக்கா என்பது விசாரணையில்தான் தெரியும் என்றது நீதிமன்றம். ஆகவே, தம்பிகளே, கையில் செல்போன் இருக்கிறது என்பதற்காக யாரிடமாவது நோட்டை நீட்டி வீடியோ எடுத்துப் போட்டால் நீங்களும் லஞ்சம் கொடுத்தவர் ஆகலாம்.

ஏனென்றால் 2018-இல் சட்டத்தைத் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பதையும் தனிக் குற்றமாக்கிவிட்டார்கள். கட்டாயப்படுத்தியதால் கொடுத்தவர், கொடுத்த 7 நாளுக்குள் போலீஸிலோ புலனாய்வு அமைப்பிலோ சொன்னால் தப்பலாம். முன்கூட்டியே போலீஸுக்குத் தெரிவித்து, அவர்களுக்கு உதவியாகக் கொடுத்தவருக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது. பொறிக்குப் போகும் நம் விவசாயியைக் காப்பாற்றும் கவசம் இதுதான். முதலில் புகார், பிறகுதான் பணம். முறை தவறினால் கவசம் இல்லை.

பொறி முறையாக இருந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் ஒரு வழக்குக் கட்டைக் கையில் எடுத்தால் பாட்டிலையும் பொடியையும் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் புகார் மனுவை எடுப்பேன். என்றைக்கு, எங்கே, என்ன வார்த்தையில் கேட்டார் என்று இருக்கிறதா, அல்லது 'லஞ்சம் கேட்டார்' என்று ஒரே வரியில் முடிகிறதா? அடுத்தது, பொறிக்கு முன் அந்தக் கேட்பை யாராவது சரிபார்த்தார்களா, ஒரு போன் பேச்சாவது பதிவாகி முறைப்படி சான்றிதழோடு வந்ததா? மூன்றாவது, கூடப் போன சாட்சி பேச்சைக் காதால் கேட்டாரா, வராந்தாவிலேயே நின்றுவிட்டாரா? நான்காவது, அந்த வேலை உண்மையில் அந்த அலுவலரிடம் நிலுவையில் இருந்ததா, ஏற்கனவே முடிந்துபோனதா? இந்த நான்குக்கும் நேரான பதில் இருந்தால், தண்ணீரின் நிறம் அதை உறுதிப்படுத்தும். இல்லையென்றால் எவ்வளவு ரோஸ் நிறமானாலும் அது வெறும் கை கழுவிய தண்ணீர்தான்.

கேள்வி கேட்ட தம்பிக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். மாட்டினால் மாட்டினதுதான் என்றீர்கள். கேட்டு மாட்டினவன் மாட்டட்டும். அவனுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். ஆனால் இன்று மூன்று தடவை வேண்டாம் என்றவனை மாட்டவைக்கிற போலீஸ், நாளைக்கு வேறு ஏதாவது காரணத்துக்கு உங்களையும் மாட்டவைக்கும். அந்தப் பக்கம் ஒரு நல்ல அலுவலர் இருந்தால் அவர் பயந்துபோய் உங்கள் மனுவையே தொட மாட்டார்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உத்திரமேரூர் கோயில் சுவரில், பதவிக்கு வந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரர்களும் மறுபடி குடவோலையில் பேர் எழுதக் கூடாது என்று சோழர் காலத்தில் கல்வெட்டாகவே வெட்டிவைத்தார்கள். கணக்கைக் கேட்டார்கள், கெடுக்க ஆள் அனுப்பவில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். யாராவது உங்களிடம் லஞ்சம் கேட்டால் அந்த நிமிடமே நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார் என்று எழுதிவையுங்கள். அப்புறம் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறுங்கள். அங்கே பொடியை அவர்கள் தடவிக்கொள்வார்கள். குற்றம் எப்போது பிறந்தது என்பதை நீங்கள்தான் எழுதிக்கொண்டு போக வேண்டும்.